பேச்சுக்குப் பின் வரும் கேள்விகள்: இணைப்பு வரிகளையும் வாயால் சொல்லும் பதில்களையும் தயார் செய்வது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் என் ஆய்வைப் பற்றி 15 நிமிடம் பேசினேன். பேச்சு நன்றாகவே போனது. முதல் கேள்வி, தேர்வு எழுதாமல் விட்டவர்களை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்பது. "விட்டவர்கள்", "கணக்கு" என்ற இரண்டு சொற்கள் காதில் விழுந்ததுமே எனக்குள் பதில் ஓட ஆரம்பித்துவிட்டது. அவர்களை எப்படி அடையாளம் கண்டோம் என்று ஒன்றரை நிமிடம் விளக்கினேன். கேட்டவர் பொறுமையாக இருந்துவிட்டு, "நான் ஏன் என்றுதான் கேட்டேன்" என்றார். ஏன் என்பதற்கான பதிலும் எனக்குத் தெரியும், ஒரே வாக்கியம்தான். அதைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அன்று என்னிடம் இல்லாதவை இரண்டு: கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நிற்க ஓர் இடம், வாயில் ஏற்கெனவே ஒரு முறை உருண்ட பதில். முதலாவதைத்தான் பிரிட்ஜ் லைன் என்கிறார்கள், இங்கே இணைப்பு வரி என்று சொல்கிறேன். இந்த இரண்டையும் எப்படித் தயார் செய்வது என்பதுதான் கீழே வருவது. ஓர் ஆய்வையோ செய்து முடித்த வேலையையோ முன்வைத்து 15 நிமிடம் பேசி, பிறகு 5 நிமிடம் கேள்விகளைச் சந்திக்கும் பேச்சை மனதில் வைத்து எழுதுகிறேன்.

விளக்க வசதிக்காக ஒரு கற்பனைப் பேச்சை எடுத்துக்கொள்வோம். இரண்டு வகுப்புகள், ஒவ்வொன்றிலும் 31 மாணவர்கள், 6 வாரம். ஒரு வகுப்பில் வாரா வாரம் பழைய பாடங்களிலிருந்து ஐந்து நிமிடக் குறுந்தேர்வு வைத்தார்கள், இன்னொன்றில் வைக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே ஆசிரியர். கடைசித் தேர்வில், குறுந்தேர்வில் வந்த பாடங்களில் முதல் வகுப்பின் சராசரி 100க்கு 9 மதிப்பெண் கூடுதல். குறுந்தேர்வில் வராத பாடங்களில் வித்தியாசம் 1 மதிப்பெண்தான். இதைப் பற்றிப் பேசப்போகிறவர் நீங்கள்.

முதலில் கேள்விகளைச் சேருங்கள், பதில்களை அப்புறம் பார்க்கலாம்

பெரும்பாலோர் உட்கார்ந்து "என்ன கேட்பார்கள்" என்று யோசிப்பார்கள். அப்படி யோசித்தால் நமக்குப் பதில் தெரிந்த கேள்விகள்தான் வரிசையாக வரும். அதைவிட நம்பகமான வழி, உங்கள் ஸ்லைடுகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் உறுதியாகச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் அது கிளப்பும் கேள்வியை எழுதுவது. "குறுந்தேர்வு மதிப்பெண்ணை உயர்த்தியது" என்று ஸ்லைடில் இருக்கிறதா? உயர்த்தியது குறுந்தேர்வுதானா, ஆசிரியரா என்பது அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. "இரண்டு வகுப்புகள்" என்று இருந்தால் ஏன் இரண்டு மட்டும், எந்த மாணவர் எந்த வகுப்பு என்று யார் பிரித்தார்கள் என்று வரும். நீங்கள் சொல்லாமல் விட்டதிலும் கேள்வி இருக்கும்: 6 வாரம் முடிந்த பிறகு அது நிலைத்ததா?

அப்புறம் பேச்சை இரண்டு பேரிடம் பேசிக் காட்டுங்கள். ஒருவர் உங்கள் துறைக்காரர், இன்னொருவர் துறைக்கு வெளியே இருப்பவர். ஆளுக்கு ஐந்து கேள்வி எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் எதற்கும் பதில் சொல்லக் கூடாது என்று உங்களுக்கு நீங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் விளக்க ஆரம்பித்த உடனே அவர்கள் அடுத்த கேள்வியை மென்மையாக்கிவிடுவார்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே வைத்திருங்கள், திருத்தாதீர்கள். பயிற்சியின்போது அந்தக் கரடுமுரடான வடிவம்தான் தேவைப்படும்.

இப்படி ஒரு இருபது கேள்வி சேரும். இருபதுக்கும் பதில் தயாரிக்கத் தேவையில்லை. எந்தெந்தக் கேள்விகளுக்கு ஒரே உண்மை பதிலாக இருக்கிறதோ அவற்றை ஒரே குவியலில் போடுங்கள். நம் உதாரணத்தில் "ஆசிரியரின் உற்சாகம் காரணமாக இருக்குமோ", "முதல் வகுப்பு இயல்பாகவே கெட்டிக்கார வகுப்போ", "கூடுதல் கவனம் கிடைத்ததாலோ" ஆகிய மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே உண்மை: குறுந்தேர்வில் வராத பாடங்களில் வித்தியாசம் 1 மதிப்பெண்தான். ஆக மூன்று கேள்வி, ஒரு குவியல். என் அனுபவத்தில் இருபது கேள்விகள் ஆறு ஏழு குவியல்களுக்குள் அடங்கிவிடும். தயார் செய்ய வேண்டியது அந்த ஆறு ஏழைத்தான்.

பதிலை முதலில் பேசுங்கள், பிறகு எழுதுங்கள்

தமிழில் பேசுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறு. பதிலை எழுத்துத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்தால், மேடையில் அது வாயிலிருந்து வரும்போது ஒன்று பாட்டுப் போல ஒப்பிப்பதாக இருக்கும், அல்லது பாதி வாக்கியம் வரை எழுத்து நடையில் போய், நடுவில் பேச்சு நடைக்கு வழுக்கி, எந்த வினைமுற்றில் முடிப்பது என்று தெரியாமல் நிற்கும். அந்தத் தடுமாற்றத்தைப் பார்ப்பவர்கள் விஷயம் தெரியாத தடுமாற்றமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் இதில் எனக்குப் பொறுக்காதது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரு குவியலை எடுங்கள், அதில் ஒரு கேள்வியைச் சத்தமாகப் படியுங்கள், போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு நின்றுகொண்டே பதில் சொல்லுங்கள். எதையும் பார்க்காமல். பிறகு அதைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். முதல் முயற்சி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"ஆசிரியர் ஒருத்தர்தான்கிறதால, அவரோட ஆர்வம் ஒரு வகுப்புல அதிகமா இருந்திருக்கலாம்னு ஒரு சந்தேகம் வர்றது நியாயம்தான், நாங்களும் ஆரம்பத்துலயே அதப் பத்தி யோசிச்சோம், ஆனா ரெண்டு ஆசிரியர் வெச்சா அதுவே இன்னொரு வித்தியாசமாயிடும்கிறதால, அப்புறம் குறுந்தேர்வுல வராத பாடங்களையும் பாத்தோம், அதுல பெருசா வித்தியாசம் இல்லாததால, அது மட்டுமே காரணமா இருக்க முடியாதுன்னு நினைக்கிறோம்."

விஷயம் எல்லாம் இருக்கிறது, தவறும் இல்லை. ஆனால் கேட்டவருக்குத் தேவையான தீர்ப்பு கடைசிச் சொற்களில்தான் வருகிறது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் நிற்கும். "ஆம்", "இல்லை", "முடியாது", "தெரியாது" எல்லாம் வாக்கியத்தின் வாலில். "என்கிறதால", "என்கிறதால" என்று காரணங்களை முன்னால் அடுக்கிக்கொண்டே போனால் கேட்பவர் அரை நிமிடம் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறார், அதற்குள் "மழுப்புகிறார்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். ஆகவே தீர்ப்பைத் தனி வாக்கியமாக வெட்டி எடுத்து முதலில் வையுங்கள்:

"அதுவும் ஒரு பங்கு இருக்கலாம், முழுக் காரணமா இருக்க வாய்ப்பு குறைவு. ஆசிரியரோட ஆர்வம்தான் காரணம்னா எல்லாப் பாடத்துலயும் மதிப்பெண் ஏறியிருக்கணும். குறுந்தேர்வுல வந்த பாடங்கள்ல 9 ஏறியிருக்கு, வராத பாடங்கள்ல 1தான். ஆனா ரெண்டு வகுப்பு மட்டும் வெச்சு ஆசிரியர் பங்கை முழுசாப் பிரிச்சுச் சொல்ல முடியாது."

நான்கு வாக்கியம், இருபது நொடி சொச்சம். தீர்ப்பு, காரணம், எண், எல்லை. எல்லாப் பதிலும் இந்த வரிசையில் வர வேண்டும் என்று இல்லை, ஆனால் முதல் இடம் தீர்ப்புக்கு, கடைசி இடம் எல்லைக்கு என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. எல்லையைச் சொல்லி முடித்தால் வாக்கியம் தானாக இறங்கி நிற்கும், அதற்கு மேல் இழுக்கத் தோன்றாது. "அது மட்டும் இல்லாம" என்று ஒரு புது வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தால், அது வேறு குவியலின் பதில். கேட்டால் சொல்லலாம்.

நீளத்துக்கு ஒரு கணக்கு: ஐந்து நிமிடத்தில் கேட்பவர் ஒவ்வொருவரும் சுமார் 25 நொடி எடுப்பார். நீங்கள் 40 நொடிக்குள் முடித்தால் நான்கு கேள்விக்கு இடம் இருக்கும். ஒன்றரை நிமிடம் எடுத்தால் இரண்டோடு சரி, மூன்றாவதாகக் கை தூக்கியவருக்கு முழுப் பதில் கிடைக்காமல் போகும்.

இப்படிச் சுருக்கிய பதிலை அட்டையில் எழுதும்போது முழுசாக எழுதாதீர்கள். முதல் வாக்கியத்தைப் பேச்சு நடையிலேயே முழுசாக, மீதியைச் சொற்களாக மட்டும்: "எல்லாப் பாடத்துலயும் – 9 / 1 – பிரிக்க முடியாது". முதல் வாக்கியம் கையில் இருந்தால் மற்றவை வரும். முழுப் பதிலும் கையில் இருந்தால் கண் அட்டையை விட்டு எழாது.

இணைப்பு வரி எதற்கு

உரையாடலில் ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்து 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. மொழிக்கு மொழி கொஞ்சம் மாறினாலும் பொதுவாக அது 0.2 நொடியை ஒட்டியே இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு சொல்லை மனதில் தேர்ந்து வாயால் சொல்லவே அரை நொடிக்கு மேல் ஆகும். அப்படியானால் கேட்பவர் முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயாரிக்க ஆரம்பிக்கிறோம் என்று அர்த்தம். சாதாரணப் பேச்சில் இது நல்லது, பேச்சு தடையில்லாமல் ஓட அதுதான் காரணம். கேள்வி நேரத்தில் இதுவே நம்மைக் கவிழ்க்கிறது.

தமிழில் ஆபத்து இன்னும் கூட. கேள்வியைக் கேள்வியாக்கும் துண்டு பெரும்பாலும் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். "ரெண்டு வகுப்புக்கும் ஒரே ஆசிரியர்தான் பாடம் எடுத்திருக்கார்" என்பது வரை கேட்டு நீங்கள் பதிலை ஓட விட்டால், அதற்குப் பிறகு "-ஆ" வந்ததா, "அது ஏன்" வந்ததா, "அதனால என்ன பாதிப்பு" வந்ததா என்பது காதில் ஏறாது. மூன்றுக்கும் பதில் வேறு. கருத்தரங்கில் எனக்கு நடந்தது இதுதான்.

இணைப்பு வரி முதலில் இந்த ஓட்டத்தை நிறுத்துவதற்கு. வாய் பழகிய ஒரு வரியைச் சொல்லும் அந்த இரண்டு மூன்று நொடியில் மனம் கேள்வியின் வாலைத் திரும்பப் பிடிக்கிறது. இரண்டாவது வேலை, கேள்வி போகும் திசையைக் கேட்டவருக்கும் அரங்குக்கும் தெரியும்படி உங்கள் பதிலின் வாசலில் கொண்டுவந்து விடுவது. இந்த இரண்டும் செய்யாத வரி இணைப்பு வரி ஆகாது, இடத்தை அடைக்கும் ஓசை மட்டும்.

"நல்ல கேள்வி" அப்படிப்பட்டதுதான். முதல் ஆளுக்குச் சொல்லி இரண்டாவது ஆளுக்குச் சொல்லாவிட்டால் அவர் கேட்டது மட்டம் என்றாகிறது, எல்லோருக்கும் சொன்னால் அர்த்தமே இல்லை. தவிர, அதைச் சொன்ன பிறகும் உங்கள் முதல் வாக்கியம் என்ன என்பது உங்களுக்குத் தெரியாது. "நான் ஏற்கெனவே சொன்ன மாதிரி" இன்னும் மோசம், கவனிக்கவில்லையா என்று அதட்டுவதாகவே அது காதில் விழும்.

ஐந்து வரிகள் போதும்

இருபது இணைப்பு வரி வைத்திருப்பவர் மேடையில் எதைச் சொல்வது என்று தேடுவார். வேலைக்கு ஒன்றாக ஐந்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வாய்க்குப் பழகிய சொற்களில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வியைச் சரிபார்க்க: "நீங்க கேக்கறது … பத்தி, சரியா?" விடுபட்ட இடத்தில் கேள்வியின் வாலை வைக்க வேண்டும், தலையை வைத்தால் பயனில்லை. "ஒரே ஆசிரியர் பத்திக் கேக்கறீங்க, சரியா?" என்றால் எதுவும் தெளிவாகவில்லை. "ஒரே ஆசிரியரா இருந்தது முடிவைப் பாதிச்சிருக்குமான்னு கேக்கறீங்க, சரியா?" என்றால் அவர் தலையசைப்பார், அல்லது திருத்துவார். திருத்தினால் உங்களுக்கு லாபம். பின்வரிசைக்குக் கேள்வி கேட்காத அரங்கில் இதுவே கேள்வியைத் திரும்பச் சொன்னதாகவும் ஆகிவிடும். கேள்வியில் சூடான சொல் இருந்தால் அதைத் திரும்பச் சொல்லாதீர்கள். "உங்க ஒப்பீடே செல்லாதே?" என்று ஒருவர் கேட்டால், "ரெண்டு வகுப்பையும் ஒப்பிட முடியுமான்னு கேக்கறீங்க" என்று எடுத்தால் போதும். கேள்வியின் உள்ளடக்கம் அப்படியே இருக்கிறது, "செல்லாது" என்ற சொல் மட்டும் உங்கள் வாயிலிருந்து வரவில்லை.

பல கேள்வியை ஒன்றாகக் கேட்பவருக்கு: "இதுல ரெண்டு விஷயம் இருக்கு. முதல்ல … எடுத்துக்கறேன்." இரண்டாவதை மறந்துவிடுவோம் என்ற பயம் நியாயமானது, அதற்குத்தான் கையில் தாளும் பேனாவும். கேட்கும்போதே கேள்விக்கு இரண்டு சொல் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பதால் இன்னொரு நன்மை உண்டு, கை எழுதிக்கொண்டிருக்கும் வரை வாய் அவசரப்படாது.

அகலமான கேள்வியைக் குறுக்க: "எங்க தரவை வெச்சு நான் சொல்லக்கூடியது …" எல்லா வயதினருக்கும் எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்துமா என்று கேட்டால் அதற்கு நேர்மையான பதில் உங்களிடம் இல்லை, ஆனால் அதன் ஒரு துண்டுக்கு இருக்கிறது. இந்த வரி அந்தத் துண்டுக்குள் நுழைய வைக்கிறது. ஒரே நிபந்தனை, துண்டு என்று தெரியும்படி சொல்ல வேண்டும்.

தெரியாததற்கு: "அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சது இவ்வளவு: …" இதைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வியே இல்லாத கருத்துக்கு: சிலர் எழுந்து ஒரு நிமிடம் தங்கள் கருத்தைச் சொல்லிவிட்டு உட்காருவார்கள். அதற்குப் பதில் தேவையில்லை, மறுப்பும் தேவையில்லை. "நீங்க சொன்னதுல … எங்க வேலையோட நேரடியாத் தொடுது" என்று ஒரு சொல்லைப் பிடித்து, ஒரு வாக்கியம் சொல்லி, அடுத்த கையைப் பாருங்கள்.

"ஆனால்" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். "நீங்க சொல்றது சரிதான், ஆனா…" என்று ஆரம்பித்தால் முன்னால் சொன்ன ஒப்புதல் யாருடைய காதிலும் நிற்பதில்லை. ஒப்புக்கொள்வது உண்மை என்றால் அங்கேயே ஒரு முற்றுப்புள்ளி வைத்து நிறுத்துங்கள். "ஆமா, அது ஒரு குறைதான்." ஒரு மூச்சு விட்டு அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினால் இரண்டும் தனித்தனியே நிற்கும்.

தெரியாத கேள்வி, தாண்டிப் போகும் ஆசை

ஊடகப் பயிற்சிகளில் இணைப்பு வரியை வேறு வேலைக்கும் சொல்லிக்கொடுப்பார்கள்: கேள்வியை ஒரு வார்த்தையில் ஏற்றுக்கொள், ஓர் இணைப்பு போடு, நீ சொல்ல வந்ததைச் சொல். அது வேலை செய்கிறது என்பதுதான் பிரச்சினை. டாட் ராஜர்ஸ், மைக்கேல் நார்ட்டன் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கேட்ட கேள்விக்குப் பதிலாக அதை ஒத்த வேறொரு கேள்விக்குச் சரளமாகப் பதில் சொன்னால், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பல நேரம் அதைக் கண்டுபிடிப்பதே இல்லை என்று காட்டினார்கள். பதில் ஓடும்போது கேள்வியைத் திரையில் எழுத்தாகக் காட்டியபோது கண்டுபிடித்தவர்கள் கூடினார்கள்.

ஆய்வுப் பேச்சின் அரங்கில் நிலைமை இந்த இரண்டாவது வகைதான். கேள்வி கேட்டவரிடம் அந்தக் கேள்வி அவர் நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது, பக்கத்தில் இருப்பவரும் அதே துறை. நழுவினால் தெரியும், அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன 9 மதிப்பெண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். எனவே என் விதி ஒன்றுதான்: இணைப்பு வரி பதிலுக்குக் கொண்டுபோக வேண்டும், பதிலைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் பதிலின் முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் ஒருவருக்குப் போட்டுக்காட்டி, என்ன கேட்டிருப்பார்கள் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். அவர் சொல்வது உண்மையான கேள்விக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. வேறு எங்கோ போனால் நீங்கள் நழுவியிருக்கிறீர்கள், தெரியாமலேகூட.

நம் உதாரணத்தில் "ஆறு மாசம் கழிச்சும் இது நிக்குமா?" என்று கேட்கிறார்கள். நீங்கள் அளக்கவில்லை. நழுவும் பதில்: "நினைவாற்றல்ல பயிற்சியோட பங்கு ரொம்ப முக்கியம், அதனால இந்த முறைக்கு நீண்ட காலப் பலன் இருக்கும்னு எதிர்பாக்கலாம்." நேரான பதில்: "அது எனக்குத் தெரியாது, நாங்க 6 வாரத்தோட நிறுத்திட்டோம். தெரிஞ்சது இவ்வளவு: முதல் வாரப் பாடத்துக்கும் கடைசித் தேர்வுக்கும் நடுவுல அஞ்சு வாரம் இருந்துச்சு, அந்தப் பாடத்தைத் தனியா எடுத்துப் பாத்தாலும் வித்தியாசம் தெரியுது. அஞ்சு வாரத்துக்கு மேல நான் எதுவும் சொல்ல முடியாது."

இரண்டாவது பதிலில் "தெரியாது" முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது, அதோடு கேட்டவருக்குக் கையில் ஏதோ ஒன்றும் கிடைத்தது. இதைத் தயார் செய்ய ஒரு வேலை முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும்: முதல் வாரப் பாடத்தைத் தனியாக எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். தெரியாது என்று சொல்லப்போகும் ஒவ்வொரு கேள்விக்கும், அதற்கு மிகப் பக்கத்தில் எனக்குத் தெரிந்தது எது என்று வீட்டில் உட்கார்ந்து தேடுங்கள். பல நேரம் பழைய தரவிலேயே இருக்கும். எதுவும் இல்லையென்றால் "தெரியாது, அதை அளக்கலை" என்று நிறுத்துங்கள். "அடுத்த கட்டத்துல பாக்கப்போறோம்" என்பதை உண்மையிலேயே பார்க்கப்போவதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

பயிற்சி

கேள்விகளை, முதலில் சேர்த்தபோது இருந்த அதே கரடுமுரடான வார்த்தைகளில், சீட்டுகளில் எழுதி ஒருவர் கையில் கொடுங்கள். அவர் கலைத்துப்போட்டுக் கேட்க வேண்டும். சில கேள்விகளை இழுத்து, சுற்றி வளைத்து, இரண்டை ஒட்டிக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் நின்றுகொண்டு, தாளும் பேனாவும் மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். ரெக்கார்டர் ஓடட்டும். கேள்வி முடிந்ததும் மூன்று வரை மனதுக்குள் எண்ணிவிட்டு வாயைத் திறங்கள். உங்களுக்கு அது யுகமாகத் தெரியும், ரெக்கார்டிங்கில் கேட்டால் யோசித்துப் பேசுகிறவராகத்தான் தெரிவீர்கள்.

ஒரே நாளில் பத்துத் தடவை செய்வதைவிட மூன்று நாள் தள்ளித் தள்ளி ஒவ்வொரு தடவை செய்வது பலன் தரும். மறுநாள் அதே பதில் வேறு சொற்களில் வந்தால் கவலைப்படாதீர்கள், அதுதான் வேண்டும். தீர்ப்பும் எண்ணும் எல்லையும் மாறாமல் இருந்து சொற்கள் மட்டும் மாறினால் பதில் உங்களுடையதாகிவிட்டது. சொல்லுக்குச் சொல் அப்படியே வந்தால் மனப்பாடம் ஆகிவிட்டது என்று அர்த்தம், அப்போது கேள்வியின் வார்த்தையை நன்றாக மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.

ரெக்கார்டிங்கைக் கேட்கும்போது நான் இரண்டு விஷயத்தைத்தான் பார்ப்பேன். கேள்வி முடிந்ததிலிருந்து தீர்ப்பு வரும் வரை எத்தனை நொடி? இணைப்பு வரியையும் சேர்த்துப் பத்தைத் தாண்டினால் இணைப்பு வரி நீளம், அல்லது காரணம் முன்னால் வந்துவிட்டது. இரண்டாவது, பதிலின் பின்பாதியில் "அதாவது", "அதனாலதான் சொல்றேன்", "சோ" என்ற சொற்கள் எங்கே விழுகின்றன? அவை விழும் இடத்துக்கு முந்தைய வாக்கியத்தில் பதில் முடிந்துவிட்டது. அங்கே நிறுத்தப் பழகுங்கள். நிறுத்தியதும் கேட்டவர் முகத்தைப் பாருங்கள், குறை இருந்தால் அவரே கேட்பார்.

அரங்கில்

எண்ணைக் காட்டித்தான் விளக்க முடியும் என்ற பதில்களுக்கு, நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் கூடுதல் ஸ்லைடு வைத்திருங்கள், அதன் எண்ணை அந்தப் பதிலின் அட்டையில் எழுதுங்கள். பவர்பாயிண்டில் ஸ்லைடு ஷோ ஓடும்போது `23` என்று தட்டி `Enter` அழுத்தினால் நேராக 23ஆவது ஸ்லைடுக்குப் போகும். எல்லா ஸ்லைடையும் வேகமாக ஓட்டித் தேடுவதைப் போல நேரத்தையும் கவனத்தையும் தின்பது வேறில்லை. ஸ்லைடு தேடும் நேரத்தில் பேசாமல் இருக்காதீர்கள், தீர்ப்பைச் சொல்லிவிட்டுத் தேடுங்கள்: "வராத பாடங்கள்ல வித்தியாசம் 1தான், அதோட அட்டவணை இதோ."

யாரும் கை தூக்காத நேரமும் வரும். முழுசாகப் பத்து நொடி காத்திருங்கள், கேள்வியை யோசித்து உருவாக்க அவர்களுக்கும் நேரம் வேண்டும். அப்புறமும் வராவிட்டால், பேச்சைப் பேசிக் காட்டியபோது வெளியாள் கேட்ட ஒரு கேள்வியை நீங்களே எடுங்கள்: "இதைக் கேட்ட ஒருத்தர், எந்த வகுப்புல குறுந்தேர்வு வைக்கறதுன்னு யார் முடிவு பண்ணினாங்கன்னு கேட்டார்." உண்மையில் கேட்டதாக இருப்பதால் அது நாடகமாக ஒலிக்காது. இருப்பதிலேயே லேசான கேள்வியை எடுக்காதீர்கள், கொஞ்சம் கடினமானதையே எடுங்கள். பேச்சாளரே தன் குறையைத் தொடும்போதுதான் மற்றவர்களுக்குக் கை எழும்.

கடைசிக் கேள்வி எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம், ஸ்லைடின் எழுத்து அளவைப் பற்றிக்கூட இருக்கலாம். அதோடு அமர்வு முடிந்தால் அரங்கை விட்டுப் போகிறவர்களின் காதில் அதுதான் நிற்கும். அதற்காக ஒரு வரியைத் தனியாகத் தயார் செய்யுங்கள், இது ஆறாவது வரி, ஒரே ஒரு முறைதான் பயன்படும். கடைசிப் பதில் முடிந்ததும், தலைவர் நன்றி சொல்வதற்கு முன்: "முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. வாரம் அஞ்சு நிமிஷம் கேட்ட பாடங்கள்ல 9 மதிப்பெண், கேக்காத பாடங்கள்ல 1. நன்றி." பத்து நொடிதான். நேரம் தீர்ந்துவிட்டது என்று தலைவர் சைகை காட்டியிருந்தால் இதையும் விட்டுவிடுங்கள்.

வெளியே வந்ததும், காபிக்குப் போவதற்கு முன், வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே எழுதிவையுங்கள். பட்டியலில் இல்லாத கேள்வி எது, அது எந்த ஸ்லைடின் எந்த வாக்கியத்திலிருந்து முளைத்தது என்று பக்கத்தில் குறியுங்கள். ஒரே வாக்கியம் இரண்டு அரங்கிலும் அதே கேள்வியைக் கிளப்பினால் அட்டையில் இருக்கும் பதிலை மெருகேற்றிப் பயனில்லை, ஸ்லைடில் அந்த வாக்கியத்தையே மாற்ற வேண்டும். கணக்கில் சேர்க்காமல் விட்டவர்களைப் பற்றிய அந்த ஒரே வாக்கியத்தை நான் இப்போது எட்டாவது ஸ்லைடிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.